மாடித்தோட்டப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் ஒரு உதவி: புதன் இரவு 9 மணி வரை

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்த எல்லோரும், குழுவில் மேலே பின் செய்திருக்கும் கூகுள் படிவத்தை நிரப்பித் தாருங்கள். மூன்றே கேள்விகள்தான். பெயர், மின்னஞ்சல் எதுவும் கேட்கவில்லை, அதனால் குறையைத் தயங்காமல் எழுதலாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: மண்கலவை, பூச்சிவிரட்டி, சொட்டுநீர் இவற்றில் எது புரியவில்லை? "நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால், அடுத்த வகுப்பில் எதற்குக் கூடுதல் நேரம் தருவது என்று தெரியாது.

புதன் இரவு 9 மணிக்குப் படிவத்தை மூடிவிடுவேன். வியாழன் காலை தென்னைநார்க் கழிவும் விதையும் ஆர்டர் செய்ய வேண்டும். பதிலைக் குழுவில் போடாதீர்கள், மற்ற செய்திகளுக்கு நடுவே தொலைந்துவிடும். அப்புறம், இணைப்பு கணக்கில் நுழையச் சொன்னால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், சரிசெய்துவிடுகிறேன்.