ரிட்டர்ன் படிவத்தில் படம் ஏறவில்லை, பணம் திருப்பிய பிறகு ஸ்டேட்டஸ் பின்னுக்குப் போகிறது: உதவி தேவை

பனியன்_கடை
வணக்கம். குர்தி, டி-ஷர்ட் விற்கும் சின்னத் தளம். லாரவெல், மைஎஸ்கியூஎல், முன்னால் என்ஜின்எக்ஸ். ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் இரண்டுக்கும் ஒரே படிவம்: காரணம், விளக்கம், மூன்று படம் வரை. இரண்டு இடத்தில் சிக்கல்.

1. ஒரு படம் சில நேரம் ஏறுகிறது. இரண்டு படம் போட்டால் `The photos.0 failed to upload.` என்று வருகிறது. மூன்று போட்டால் 413 பக்கம். வாடிக்கையாளர் எழுதிய விளக்கமும் போய்விடுகிறது. என்ஜின்எக்ஸில் `client_max_body_size 20m` ஏற்கெனவே வைத்திருக்கிறேன்.

2. சேதம் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தால், பொருள் எங்கள் கைக்கு வரும் முன்பே பணத்தைத் திருப்பிவிடுகிறோம். நேற்று ஒரு ஆர்டரில் 11:40-க்கு "பணம் திருப்பப்பட்டது" என்று மாறியது. 12:05-க்கு அதுவே "கூரியர் எடுத்துவிட்டது" என்று ஆகிவிட்டது. பணத்தைத் திரும்பப் பிடித்துவிட்டீர்களா என்று அந்த அம்மா பதறிப்போய்க் கேட்டார். `returns` அட்டவணையில் `status` என்று ஒரே நெடுவரிசைதான் இருக்கிறது.

கோவை_நிரலர்
முதல் சிக்கல் எளிது. `php.ini`-யில் `upload_max_filesize`, `post_max_size` இரண்டையும் 50M ஆக்குங்கள். என்ஜின்எக்ஸையும் 50m ஆக்கிவிடுங்கள். முடிந்தது.

சேலம்_பட்டு
ரிட்டர்னுக்கு வேர்ட்பிரஸில் நல்ல பிளக்இன்கள் இருக்கின்றன. ஆர்டர் எண் போட்டால் கூரியரே வந்து எடுத்துக்கொள்ளும். அதையே போட்டுக்கொள்ளலாமே?

பனியன்_கடை
@சேலம்_பட்டு எங்களுடையது வேர்ட்பிரஸ் இல்லைங்க. கூரியர் இணைப்பு ஓடுகிறது, அதில் பிரச்சினை இல்லை.
@கோவை_நிரலர் மாற்றிப் பார்த்தேன். `php -i` இரண்டையும் 50M என்றே காட்டுகிறது. ஆனால் தளத்தில் அதே பிழைதான்.

வரிசை_மாறாதவர்
`php -i` காட்டுவது கட்டளை வரியின் அமைப்பு. தளம் ஓடுவது எஃப்பிஎம் வழியாக. அதற்குத் தனி `php.ini`. உபுண்டு, பிஎச்பி 8.2 என்றால் கோப்பு `/etc/php/8.2/fpm/php.ini`. அதை மாற்றிவிட்டு

```
sudo systemctl reload php8.2-fpm
```

கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் இயல்புநிலை அளவுகளோடு அப்படியே பொருந்துகின்றன. `upload_max_filesize` இயல்பாக 2M. அதைத் தாண்டிய படத்தை மட்டும் பிஎச்பி தள்ளிவிடும், மற்ற புலங்கள் வந்து சேரும். "Failed to upload" என்பது அதுதான். `post_max_size` இயல்பாக 8M. மொத்தம் அதைத் தாண்டினால் பிஎச்பி எல்லாப் புலத்தையும் காலியாக்கிவிடும், லாரவெல் 413 காட்டும். விளக்கம் தொலைவது அதனால்தான். 413 பக்கத்தின் அடியில் nginx என்று இருந்தால் மட்டும் அங்கே தேடுங்கள்.

ஆனால் 50M வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கைபேசிப் படம் ஒன்று 4 எம்பி என்றால் மூன்று படம் 12 எம்பி. சிக்னல் சுமாரான ஊரிலிருந்து அனுப்புகிறவருக்கு அது பாதியில் அறும். சரிபார்ப்பில் பிழை வந்து படிவம் திரும்பினாலும் `old()` எழுத்தைத் திருப்பித் தரும், படத்தைத் தராது. கோப்புப் புலத்தை மீண்டும் நிரப்பப் பிரவுசர் அனுமதிக்காது. சேதமான துணியை மூன்று கோணத்தில் எடுத்தவர் எல்லாவற்றையும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள், பிறகு தொலைபேசியில் சண்டை வரும்.

ஆகவே படத்தைப் படிவத்திலிருந்து பிரித்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த உடனே ஒவ்வொரு படமும் தனியாக ஏறட்டும்; சர்வர் ஒரு எண் திருப்பித் தரட்டும்; கடைசியில் படிவம் அந்த எண்களை மட்டும் அனுப்பட்டும். ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் "மீண்டும் முயல்க" பொத்தான். ஏற்றும் முன் பிரவுசரிலேயே கேன்வாஸில் நீண்ட பக்கத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கி, ஜேபெக் தரம் 0.8 வைத்தால் பெரும்பாலும் அரை எம்பிக்குப் பக்கத்தில் நிற்கும். தையல் பிரிந்ததும் கறையும் அந்த அளவில் நன்றாகவே தெரியும். கேன்வாஸ் வழியாகப் போவதால் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலும் நீங்கிவிடும். வாடிக்கையாளரின் வீடு எங்கே என்ற தகவல் படத்தோடு உங்களிடம் தங்க வேண்டாம்.

படிவம் முடிக்காமல் போனவர்களின் படங்கள் அநாதையாகக் கிடக்கும். 24 மணி நேரத்துக்குப் பிறகு அழிக்க ஒரு வேலை போட்டு வையுங்கள்.

கோவை_நிரலர்
எஃப்பிஎம் கோப்பு தனி என்பதை நான் சொல்லத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். இன்னொன்று: `capture="environment"` போட்டிருக்கிறீர்களா? போட்டால் பல கைபேசிகளில் நேராகக் கேமரா திறந்துவிடும், கேலரியில் ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தைத் தர முடியாது. பார்சல் பிரிக்கும்போதே படம் எடுத்தவருக்கு அது பெரிய எரிச்சல்.

பனியன்_கடை
போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். ஐபோன்காரர்கள் சிலரின் படம் ".heic" என்று வந்து லாரவெலின் `image` விதியில் விழுகிறது. அதற்கு?

வரிசை_மாறாதவர்
`accept="image/jpeg,image/png"` என்று குறுக்குங்கள். கேலரியிலிருந்து எடுத்தால் ஐபோன் பொதுவாகத் தானே ஜேபெக்காக மாற்றித் தரும். ஃபைல்ஸ் செயலி வழியாகவோ கணினியிலிருந்தோ வந்தால் மாறாமல் வரலாம். அப்போது "இந்தப் படத்தைத் திறக்க முடியவில்லை, கேலரியிலிருந்து தேர்ந்தெடுங்கள்" என்று தமிழில் காட்டுங்கள். `photos.0` என்று காட்டினால் யாருக்கும் புரியாது.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். கூரியர் 11:40-க்கு முன்பே எடுத்திருக்கலாம். அதன் வெப்ஹூக் உங்களிடம் 12:05-க்கு வந்தது. இடையில் பணம் போய்விட்டது. கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிட்டது. வெப்ஹூக்குகள் நடந்த வரிசையில் வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை, ஒரே செய்தி இரண்டு முறையும் வரும்.

ஆணிவேர் என்னவென்றால், பொருளின் பயணமும் பணத்தின் பயணமும் இரண்டு வேறு கதைகள். ஒரே நெடுவரிசையில் இரண்டையும் எழுதினால் ஒன்றை ஒன்று மிதிக்கத்தான் செய்யும். `goods_step`, `money_step` என்று பிரித்துவிடுங்கள். பொருளுக்கு 10 கேட்டார், 20 ஏற்றோம், 30 பிக்கப் குறித்தாச்சு, 40 எடுத்தாச்சு, 50 கிடங்கு வந்தது, 60 சோதித்தாச்சு. பத்துப் பத்தாக வைப்பது பின்னால் இடையில் ஒன்றைச் செருகத்தான். மாற்றும்போது முன்னோக்கி மட்டும்:

```sql
UPDATE returns
SET goods_step = 40
WHERE id = 812 AND goods_step < 40;
```

வரும் ஒவ்வொரு செய்தியையும், ஸ்டேட்டஸ் மாறினாலும் மாறாவிட்டாலும், `return_events` அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போங்கள். அங்கே எதையும் திருத்தாதீர்கள். அனுப்பியவர் தரும் நிகழ்வு எண்ணுக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள். ரேசர்பே என்றால் அது `x-razorpay-event-id` தலைப்பில் வரும். நடந்த நேரம், நமக்கு வந்த நேரம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

நூற்கண்டு
முன்னோக்கி மட்டும் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. பிக்கப்புக்கு ஆள் போய்க் கதவு பூட்டியிருந்தால்? 30-லிருந்து 20-க்குத் திரும்ப வேண்டாமா?

வரிசை_மாறாதவர்
நியாயமான கேள்வி. திரும்ப வேண்டாம். 30-லேயே நிற்கட்டும், `pickup_attempts` ஒன்று கூடட்டும். வாடிக்கையாளர் பார்க்கும் வரியை அதிலிருந்து ஆக்குங்கள்: "இன்று வந்தோம், வீடு பூட்டியிருந்தது. நாளை மீண்டும் வருவோம்." எல்லா முயற்சியும் தோற்றுக் கூரியர் கைவிட்டால் அது பின்னடைவு இல்லை, முடிவு. அதற்கு `closed_reason` தனியாக. சோதனையில் தேறாமல் பொருளைத் திருப்பி அனுப்புவதும் அப்படித்தான்.

நூற்கண்டு
சரி, ஏற்கிறேன். நேர வலய விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில கூரியர்கள் இந்திய நேரத்தை வலயக் குறி இல்லாமல் அனுப்புகிறார்கள். சர்வர் யூடிசி என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். காலையில் எடுத்த பொருளை மாலையில் எடுத்ததாகக் காட்டும்.

"பணம் திருப்பப்பட்டது" என்ற வாசகத்தையும் மாற்றுங்கள். `refund.processed` வந்தாலும் வாடிக்கையாளர் கணக்கில் தெரிய 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம். "வங்கிக்கு அனுப்பிவிட்டோம்" என்று எழுதி, `acquirer_data`-வில் வரும் குறிப்பு எண்ணையும் காட்டினால் அவர் தன் வங்கியிலேயே கேட்டுக்கொள்வார்.

சேலம்_பட்டு
எங்களுக்குக் காரணப் பட்டியல்தான் தலைவலி. பாதிப் பேர் முதலில் இருப்பதையே அழுத்துகிறார்கள். தள்ளுபடிச் சரக்குக்கு "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டுவிட்டால் தொல்லை இல்லைதானே?

நூற்கண்டு
இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தாலும், சொன்ன நாளைத் தாண்டி வந்தாலும், திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு இயற்கைப் பேரிடர் போன்றவை விலக்கு. மனம் மாறியது போன்ற காரணங்களுக்கு நீங்கள் மறுக்கலாம். ஆகவே "தாமதமாக வந்தது" என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும்.

முதலில் எதுவும் தேர்வாகி இருக்கக் கூடாது. வாசகம் வாடிக்கையாளர் பேசுகிறபடி இருக்கட்டும்: "அளவு சேரவில்லை", "கிழிசல் அல்லது கறை", "வேறு பொருள் வந்தது", "படத்தில் பார்த்த நிறம் இல்லை", "தாமதமாக வந்தது", "வேண்டாம் என்று தோன்றியது". அளவு என்றால் உடனே "இறுக்கமா, தொளதொளப்பா?" என்று கேட்டு, அடுத்த அளவு கையிருப்பில் இருந்தால் எக்ஸ்சேஞ்சைக் காட்டுங்கள். அதற்குப் படம் கேட்காதீர்கள். இறுக்கத்தைப் படத்தில் பார்க்க முடியாது. கிழிசல், வேறு பொருள் இரண்டுக்கும்தான் படம் கட்டாயம். பார்சல் உறையின் படத்தைக் கட்டாயம் ஆக்காதீர்கள், பலர் உறையை எறிந்திருப்பார்கள்.

பனியன்_கடை
படம் தனியாக ஏற்றுவதை எழுதி முடித்தேன், மூன்று படம் போகிறது. ஸ்டேட்டஸையும் பிரித்துவிட்டேன். இப்போது புதிதாக ஒன்று: ஒருவர் ஒரே குர்தி எல் அளவில் 3 வாங்கினார். ஒன்றைத் திருப்புகிறார், ஒன்றை எக்ஸ்எல்லுக்கு மாற்றுகிறார். பொத்தானை இரண்டு முறை தட்டியதில் நான்கு துண்டுக்குக் கோரிக்கை பதிவாகிவிட்டது.

வரிசை_மாறாதவர்
கோரிக்கை ஒன்று, அதற்குள் வரிகள் இரண்டு: திருப்பல் 1, மாற்றல் 1. பதியும் முன் அந்த ஆர்டர் வரியை `lockForUpdate()` கொண்டு பூட்டி, அந்தப் பரிவர்த்தனைக்குள்ளேயே ஏற்கெனவே கேட்ட எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். முதல் தட்டில் கேட்டது 2. இரண்டாவது தட்டு வரும்போது மீதி 1 தான், கேட்பது 2, ஆகவே மறுக்கப்படும். பொத்தானை முடக்குவதும் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டு மட்டும் திருப்புகிறவர் இரண்டு முறை தட்டினால் எண்ணிக்கைக் கணக்கு அதைப் பிடிக்காது. படிவம் திறக்கும்போதே ஒரு தனி எண்ணை மறைபுலத்தில் கொடுத்து, அதற்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள்.

எக்ஸ்எல் கடைசித் துண்டாக இருந்தால் கோரிக்கையை ஏற்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். நான்கு நாளில் பொருள் எடுக்கப்படாவிட்டால் விடுவித்துவிடலாம்.

கோவை_நிரலர்
நான்கு நாள் ஒதுக்கினால் பண்டிகை நேரத்தில் விற்பனை போகுமே. பழைய துண்டு கிடங்குக்கு வந்த பிறகு ஒதுக்கலாம், இல்லையென்றால் பணம்.

நூற்கண்டு
எக்ஸ்எல் தருகிறோம் என்று சொல்லிப் பொருளை வாங்கிக்கொண்ட பிறகு இல்லை என்பதா? எனக்கு ஒப்பவில்லை. அப்படித்தான் செய்வீர்கள் என்றால், படிவத்தில் "எக்ஸ்எல் தீர்ந்தால் பணம் திருப்புவோம்" என்று முன்கூட்டியே கேட்டு அவர் ஒப்புதலைப் பதிந்துகொள்ளுங்கள்.

பனியன்_கடை
அந்த ஒப்புதல் பெட்டியைச் சேர்க்கிறேன். ஒதுக்கும் நாளைப் பண்டிகை மாதத்தில் இரண்டாகக் குறைத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.