தாம்பரம் – தி.நகர் தினசரி ஓட்டம்: ஸ்ப்ளெண்டரா, ஆக்டிவாவா?

வணக்கம் நண்பர்களே. போக வர சுமார் 40 கி.மீ., மாதம் 1000 கி.மீ. ஓடும். 100 சிசி பைக் லிட்டருக்கு 60, ஸ்கூட்டர் 45 கொடுத்தால் மாதம் ஐந்தரை லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்றால் 550 ரூபாய். ஐந்து வருடத்தில் 33,000. எனக்கு இதுவே பெரிய தொகை.

ஆனால் பைக்கில் செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். விடாமல் போனால் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்து செட்டையே மாற்ற வேண்டியதுதான். ஸ்கூட்டரில் அந்த வேலை இல்லை. பெல்ட் தேய்ந்தால் ஆக்சிலேட்டர் முறுக்கினாலும் இன்ஜின் இரையுமே தவிர வேகம் ஏறாது.

60,000 கி.மீ. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: பெல்ட், ரோலர் எத்தனை முறை மாற்றினீர்கள், கூலியோடு எவ்வளவு ஆனது? ஐந்து வருட வண்டி, முதல் ஓனர், இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் எது நல்ல விலைக்குப் போகிறது? வாங்கிய விலை, விற்ற விலை இரண்டையும் போட்டால் கணக்குப் பார்க்கச் சுலபம்.