பதினேழு எண்கள், ஒரே சுற்று: அழைப்பிதழ் மெய்ப்பைத் திருத்திய அனுபவம்

கரிசல்காட்டான்

2025 ஆகஸ்ட் 28 அன்று என் தங்கையின் திருமணம் நடந்தது. அழைப்பிதழைச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் திருமணத்தின்போது மெய்ப்பு ஐந்து முறை வந்து போனது. அப்பா தொலைபேசியில் ஒன்று சொல்வார், சித்தப்பா குரல் பதிவில் இன்னொன்று அனுப்புவார், நான் எழுத்தில் வேறொன்று கேட்பேன். டிசைனர் மூன்றாம் மெய்ப்பில் சரிசெய்த இனிஷியல் நான்காம் மெய்ப்பில் பழையபடி தவறாக நின்றது. அவர் பழைய கோப்பைத் திறந்து வேலை செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன்.

மெய்ப்பு வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகள் மங்கி, னகரமா ணகரமா என்றே பிரித்தறிய முடியவில்லை. அதையே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்கினேன். அதை மூன்று தாள்களில் அச்செடுத்து அப்பாவிடமும் அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் பென்சிலுடன் கொடுத்தேன். மண்டபத்தின் பெயருக்கு முன் ‘ஏ.சி.’ வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை வீட்டுக்குள்ளேயே தீர்ந்தது. அது டிசைனரிடம் போயிருந்தால் ஒரு சுற்று அதிலேயே கழிந்திருக்கும்.

பிறகு மெய்ப்புப் படத்தைப் பவர்பாயிண்டில் ஒரு பக்கத்தில் வைத்து, ஓரத்தில் எண்களை வட்டமிட்டு, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் உரிய சொல்லுக்கு ஒரு கோடு இழுத்தேன். முதலில் வட்டத்தைச் சொல்லின் மேலேயே போட்டுப் பார்த்தேன். எந்தச் சொல் என்பதே மறைந்துவிட்டது. அழைப்பிதழ் அரக்குச் சிவப்பு நிறமாதலால் சிவப்பு வட்டம் கண்ணில் படவில்லை. வெள்ளை வட்டத்தில் நீல எண் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது. எண்களை மேலிருந்து கீழாக, படிக்கும் வரிசையிலேயே கொடுத்தேன். அதே எண்களுடன் ஒரே ஒரு செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதில் சில வரிகள் இவை:

1. உள்ளது: ஆவணி மாதம் 11ஆம் நாள். வேண்டியது: ஆவணி மாதம் 12ஆம் நாள். ஆங்கிலத் தேதியும் வியாழக்கிழமையும் சரி, அவற்றைத் தொட வேண்டாம்.
4. உள்ளது: கோயில்பட்டி. வேண்டியது: கோவில்பட்டி. (8, 15 ஆகியவையும் இதே திருத்தம்.)
12. இந்த வரிக்குக் கீழே தாய்மாமன் பெயர்களும் ஊர்களும் அடங்கிய புது வரி சேர்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் வரவேற்புப் பகுதியின் எழுத்தைச் சிறிதாக்கலாம்; முகூர்த்த நேரத்தைச் சிறிதாக்க வேண்டாம்.
17. பிள்ளையார் படத்தை மாற்ற வேண்டும். புதுப் படம் 17.jpg என்ற பெயரில் இணைக்கப்பட்டுள்ளது.
மொத்தம் 17 திருத்தங்கள். இதற்குமேல் எதுவும் இல்லை.

‘கோவில்பட்டி’ மூன்று இடங்களில் வந்ததால் மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்தேன். ‘எல்லா இடத்திலும் மாற்றவும்’ என்று எழுதியிருந்தால், பின்பக்க அடியில் சின்ன எழுத்தில் இருந்த மண்டப முகவரி நிச்சயமாகத் தப்பியிருக்கும்.

அடுத்த மெய்ப்பில் பதினேழும் செய்யப்பட்டிருந்தன. ஆனால் 12ஆம் எண்ணுக்குரிய புது வரியில், ஊர்ப் பெயர்களுக்கு இடையே கால்புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ‘இ’ என்ற எழுத்து நின்றது. “கோவில்பட்டிஇ சாத்தூர்இ விருதுநகர்” என்று இருந்தது. நான் அனுப்பிய செய்தியில் அப்படி இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று யாருக்காவது தெரியுமா?

மேசைவிளக்கு

நான் பதினெட்டு ஆண்டுகளாக அழைப்பிதழ் டி.டி.பி. வேலை செய்கிறேன். அந்த ‘இ’ எனக்குப் பழைய உறவு. நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்வது யூனிகோட் எழுத்து. எங்களுடைய பழைய அழைப்பிதழ்க் கோப்புகள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துருவில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். ‘தமிழ்’ என்று வர வேண்டுமானால் கோப்புக்குள் `jkpo;` என்று இருக்கும். கால்புள்ளியின் விசையில் ‘இ’ இருக்கிறது; கால்புள்ளி வேண்டுமென்றால் `>` விசையை அழுத்த வேண்டும். உங்கள் வரியை அவர் மாற்றிக் கருவியில் போட்டு எடுத்திருப்பார். எழுத்துகள் மாறியிருக்கும், கால்புள்ளி மட்டும் மாறாமல் அப்படியே வந்து பாமினிக்குள் ‘இ’ ஆகியிருக்கும். அவசரத்தில் பார்க்கத் தவறிவிட்டார்.

ஆகையால் திருத்திய மெய்ப்பு வந்ததும், புதிதாகச் சேர்த்த வரிகளில் கால்புள்ளி, மேற்கோள் குறி, அடைப்புக்குறி, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை முதலில் பாருங்கள். பெயரைச் சரியாகக் கொடுத்தோம் என்ற தைரியத்தில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுப்பவர்களே அதிகம். திருத்தம் செய்த வரிக்கு மேலும் கீழும் உள்ள ஒரு வரியையும் சேர்த்துப் படிப்பது நல்லது. புது வரி ஒன்று நுழைந்தால் பக்கத்து வரிகள் நகரும். சில நேரம் ஒரு வரியின் கடைசிச் சொல் பெட்டிக்கு வெளியே போய்க் காணாமல் போகும்.

எண் போட்டு அனுப்புவது எங்களுக்கு எப்படி உதவுகிறது என்றும் சொல்கிறேன். நான் செய்தியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு முடித்த எண்ணை அடித்துக்கொண்டே போவேன். இடையில் வேறொரு வாடிக்கையாளர் வந்து எழுந்து போனாலும், திரும்பி வந்தால் ஒன்பதில் நிற்கிறேன் என்று தெரியும். குரல் பதிவில் அந்த வசதி இல்லை. “மொத்தம் 17” என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பதினாறோடு நின்றால் ஏதோ விட்டிருக்கிறேன் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் சுற்று தேவைப்பட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காமல் 18 என்று தொடருங்கள். இல்லாவிட்டால் ‘நான்காவது’ என்றால் எந்தச் சுற்றின் நான்காவது என்று இருவருமே குழம்புவோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எனக்கு இவ்வளவு ஏற்பாடு மிகையாகத் தோன்றுகிறது. பள்ளி ஆண்டு மலர்களுக்கு நான் முப்பது ஆண்டுகள் மெய்ப்பு பார்த்திருக்கிறேன். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். படத்தின்மேல் கோடு இழுக்கவே தேவையில்லை.

மேசைவிளக்கு

ஐயா, கட்டுரைப் பக்கத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும்; அங்கே வரியை எண்ணினால் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் வரும். அழைப்பிதழில் அப்படி வராது. உச்சியிலுள்ள பிள்ளையார் சுழி ஒரு வரியா, அதன்கீழ் உள்ள குலதெய்வத்தின் பெயர் ஒரு வரியா, இரு பக்கமும் நிற்கும் பெற்றோர் பெயர்கள் ஒரே வரியா இரண்டா என்பதிலேயே கணக்கு மாறிவிடும். ‘ஏழாம் வரி’ என்று ஒருவர் எழுதியதை நான் வேறு ஏழாம் வரியாக எடுத்துக்கொண்டு, சரியாக இருந்த மணமகன் படிப்பை மாற்றிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அது நியாயம்தான், தம்பி. பிள்ளையார் சுழியை நான் வரியாக எண்ணுவேன்.

பொடிமசாலா

நான் வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்கிறேன். பொட்டல லேபிளின் மெய்ப்பைப் பி.டி.எஃப். கோப்பாக வாங்கி, அதற்குள்ளேயே குறிப்புகளை ஒட்டி அனுப்பினேன். படத்தை விட இதுவே சிறந்த முறை என்று நினைத்தேன். டிசைனர் கோப்பைக் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, ஒரு திருத்தமும் இல்லையே, அச்சுக்கு அனுப்பலாமா?” என்று கேட்டார். அவருடைய செயலியில் குறிப்புகள் தெரியவே இல்லை. நல்ல வேளையாகக் கேட்டார். அன்றிலிருந்து எண் போட்ட பக்கத்தைப் படமாக மாற்றியே அனுப்புகிறேன், படத்தில் வரைந்தது எந்தக் கைப்பேசியிலும் மறையாது.

நிறத்தைப் பற்றி மட்டும் இந்த முறையில் சொல்ல முடியவில்லை. “இந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் ஆழமாக” என்று 6ஆம் எண்ணில் எழுதினேன். என் திரையில் வெளிர் மஞ்சளாக இருந்தது அவர் திரையில் ஏற்கெனவே ஆழமாகத்தான் இருந்திருக்கிறது. கடைசியில் பழைய பொட்டலம் ஒன்றைக் கூரியரில் அனுப்பி, “இந்த மஞ்சள்” என்று காட்ட வேண்டியதாயிற்று.

மேசைவிளக்கு

நீங்கள் செய்ததே சரி, அம்மா. “கொஞ்சம்”, “இன்னும் அழகாக” என்று எழுதப்பட்ட எண்ணை நான் எப்படி முடிந்ததென்று அடிப்பது? நான் ஒரு மாதிரி செய்வேன், நீங்கள் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள், அதுவே அடுத்த சுற்று ஆகிவிடும். அப்படிப்பட்டவற்றை எண் போடாமல் கீழே கேள்வியாக எழுதுங்கள், முதலில் பேசிக்கொண்டு பிறகு செய்யலாம்.

கரிசல்காட்டான்

கால்புள்ளி விளக்கத்துக்கு நன்றி, அண்ணா. ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நான் எண் போடாத ஒரு பிழையை டிசைனர் தாமாகவே கண்டால் திருத்தலாமா? எங்கள் அழைப்பிதழில் ‘வருகைதந்து’ என்று சேர்த்து எழுதியிருந்ததை அவர் கேட்காமலே பிரித்துவிட்டார். அது சரிதான். ஆனாலும் கேட்காமல் வேறு எதை மாற்றியிருக்கிறாரோ என்ற பயத்தில் முழுவதையும் மறுபடி படித்தேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கண்முன்னே தெரியும் பிழையைத் திருத்தாமல் விடுவது எப்படி? தாராளமாகத் திருத்தலாம்.

மேசைவிளக்கு

நான் திருத்த மாட்டேன், ஐயா, கேட்பேன். ஒருமுறை ‘சண்முகம்’ என்று திருத்திக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ‘ஷண்முகம்’ என்றுதான் எழுதுகிறார்களாம். வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெயர் வேறு, பிழை வேறு. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

கடைத்தெரு

தாமதமாக வருகிறேன். நான் ஃப்ளெக்ஸ் பேனருக்கு இப்படித்தான் சிவப்பு வட்டம் போட்டு, எண் போட்டு, பக்கத்திலேயே விலையையும் எழுதிப் படத்தை அனுப்பினேன். மறுநாள் கடைக்கு முன்னால் பத்தடிக்கு ஆறடி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் வட்டங்கள் மூன்றும் என் கையெழுத்தும் அப்படியே அச்சாகியிருந்தன. கடைசியாக வந்த படத்தை இறுதிப் படம் என்று எடுத்துக்கொண்டார்களாம். வட்டமிட்ட படத்தின் குறுக்கே ‘திருத்தப் பிரதி, அச்சிட வேண்டாம்’ என்று பெரிதாக எழுதியே அனுப்புங்கள். வட்டமில்லாத சுத்தமான படத்தையும் உடன் அனுப்பாதீர்கள், எது எதற்கு என்று புரியாமல் போகும்.

மேசைவிளக்கு

முதலாவதை ஏற்கிறேன். இரண்டாவதை மட்டும் ஏற்க முடியவில்லை; எண்ணும் கோடும் சொல்லை மறைக்கும் இடத்தில் சுத்தமான படம் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். பெயரில் ‘சுத்தம்’, ‘திருத்தம்’ என்று வைத்து அனுப்பினால் குழப்பம் வராது. பேனரை என்ன செய்தீர்கள்?

கடைத்தெரு

கடைக்குப் பின்னால் விறகுக் கட்டின்மேல் போர்த்தியிருக்கிறேன். மழைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வட்டத்துக்குள் பழைய விலை இன்னும் தெரிகிறது. பின்வாசல் வழியாக வருகிறவர்கள் அந்த விலைக்கே கேட்கிறார்கள்.