சரிவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரைபடம்: உதவி தேவை

ஆசிரியர்களுக்கு வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 6 பிள்ளைகளோடு பாடசாலை வளவை வரைந்துகொண்டிருக்கிறோம். அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 2 மீற்றர். திசைகளில் சிக்கல் இல்லை. இரும்புக் கொடிக்கம்பத்தை விட்டுத் தள்ளி நின்றதும் திசைகாட்டி சரியாக வடக்கைக் காட்டியது.

சிக்கல் சரிவில்தான். வகுப்பறையிலிருந்து நேர் தெற்கே மைதானத்துக்கு இறங்கும் படிக்கட்டில், அளவுநாடாவைச் சரிவோடு பிடித்தால் 13 மீற்றர். அதை 6.5 செ.மீ. என வரைந்தார்கள். மைதானம் அரை செ.மீ. கீழே தள்ளிப்போய், வேலிக்கோடு மூலையில் சேரவே இல்லை. வரைபடத்துக்கு வேண்டியது கிடைத்தூரம் அல்லவா? படிகள் 40, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம். கூட்டினால் 12 மீற்றர், அதாவது 6 செ.மீ. இப்போது கோடு சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் நன்றாகவே புரிந்தது.

படியே இல்லாத புல்சரிவை என்ன செய்வது? நாடாவை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, துண்டு துண்டாக அளக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சின்னக் கைகளில் நாடா தொய்கிறது. ஒரு துண்டுக்கு எத்தனை மீற்றர் வைத்தீர்கள்? மட்டத்தை எப்படிப் பார்த்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.