உதவி: டேஷ்கேமில் சனிக்கிழமை விபத்துப் பதிவு அழிவதற்குள் எப்படி எடுப்பது?

கார்த்தி (கோவை), ஞாயிறு இரவு 10:40

அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை சேலத்திலிருந்து வரும்போது பெருந்துறை பக்கம் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தியிருந்தேன். மனைவியும் பையனும் உள்ளே இருந்ததால் ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 7:10 மணிக்கு பின்னாலிருந்து கிளம்பிய ஒரு லாரி இடது பக்கப் பின்கதவை உரசிக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி வந்து, "நீதான் ரிவர்ஸ் எடுத்து வந்து இடிச்சே" என்கிறார். வாக்குவாதத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

முன்னும் பின்னும் பதியும் டேஷ்கேம் இருக்கிறது. 32 ஜிபி கார்டு, ஒவ்வொரு நிமிடமும் தனி வீடியோவாக விழும், கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். சம்பவத்துக்குப் பிறகு கோவை வரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டினேன். இன்று ஒரு 40 நிமிடம். இப்போதுதான் வீடியோ ஞாபகமே வந்தது. காலையில் மனைவி பையனைப் பள்ளியில் விட காரை எடுப்பாள். கார்டு இன்னும் காரிலேயே இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் போதுமா?

சுரேஷ், 10:48

பயப்படாதீங்க நண்பா. வண்டி இடிபட்டால் ஜி-சென்சார் அந்த வீடியோவைத் தானாக லாக் செய்து EVENT ஃபோல்டரில் போட்டுவிடும். அது அழியாது. சந்தேகம் இருந்தால் காரை ஸ்டார்ட் செய்து கேமராவில் உள்ள லாக் பட்டனை ஒரு அழுத்து அழுத்துங்கள்.

வேலுச்சாமி, 10:55

கார்த்தி, இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போங்கள். காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

சுரேஷ் சொல்வது பாதி சரி. பலமான இடி என்றால் சென்சார் லாக் செய்யும். நின்ற காரை லாரி மெதுவாக உரசினால் பெரும்பாலும் செய்யாது. குழிக்குக் குழி லாக் ஆகக் கூடாது என்று நாமே அதைக் குறைத்து வைத்திருப்போம். லாக் பட்டன் அந்த நேரத்தில் ஓடும் வீடியோவைத்தான் காப்பாற்றும். இப்போது போய் அழுத்தினால் உங்கள் வீட்டு பார்க்கிங் சுவர்தான் பத்திரமாக இருக்கும். சில கேமராக்களில் பழைய வீடியோவைத் தேர்ந்தெடுத்தும் லாக் செய்யலாம். ஆனால் ஆன் செய்த கையோடு கேமரா பதிய ஆரம்பித்துவிடும், அதற்கு இடம் வேண்டுமே.

ஒரு கணக்குப் போடுங்கள். முன் கேமராவின் ஒரு நிமிட வீடியோ எவ்வளவு, பின் கேமராவுடையது எவ்வளவு? இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 150 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஜிபி கார்டில் லாக் வீடியோக்களுக்கு ஒதுக்கியது போக 24 ஜிபி மீதி என்றால், 160 நிமிடம் பிடிக்கும். நீங்கள் ஏற்கனவே 145 நிமிடம் ஓட்டியாகிவிட்டது. மீதி 15 நிமிடம், அதுவும் தோராயம்தான். பையனின் பள்ளி எவ்வளவு தூரம்?

கார்த்தி, 10:58

25 நிமிடம் ஆகும். ஐயோ. இறங்குகிறேன்.

வேலுச்சாமி, 11:01

கேமராவை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக இணைத்திருந்தால், வண்டி நிற்கும்போதும் ஆள் நடமாட்டத்துக்குப் பதிந்துகொண்டிருக்கலாம். லைட் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் முதலில் பவர் ஒயரைப் பிடுங்கி, திரை முழுதாக அணைந்து பத்து விநாடி போன பிறகு கார்டை எடுங்கள். பதிந்துகொண்டிருக்கும்போதே உருவினால் கார்டின் கோப்பு அட்டவணையே கெட வாய்ப்புண்டு.

கணினியில் போடும்போது, கார்டைச் செருகும் அந்தப் பெரிய அடாப்டரில் இடது ஓரம் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை லாக் பக்கம் தள்ளிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் கேட்காமலே கார்டில் தன் ஃபோல்டர் ஒன்றை எழுதும். "scan and fix", "format" என்று எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வீடியோவைத் தேடாமல் கார்டு முழுவதையும் அப்படியே காப்பி எடுங்கள்.

மீனா ரவி, 11:10

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. கார்டில் வீடியோ பார்த்தால் ஐந்து மாதம் பழையதுதான் வரும், புதிதாக ஒன்றும் ஏறாது. கேமராவிலேயே ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும், முயன்று பாருங்கள்.

வேலுச்சாமி, 11:13

மீனா அம்மா, கார்த்தி தயவுசெய்து அதைப் படிக்காமல் இருக்கட்டும்! உங்களுடையது கார்டு தேய்ந்துபோய் எழுத மறுக்கும் நோய். ஃபார்மட் சில நாள்தான் தாங்கும், கார்டையே மாற்றுங்கள். இவருக்கு நோய் நேர் எதிர், கார்டு ரொம்ப நன்றாக எழுதுகிறது.

கார்த்தி, 11:52

எடுத்துவிட்டேன், லைட் எரியவில்லை. தாழ்ப்பாள் போட்டுக் காப்பி செய்தேன், இருபது நிமிடம் ஆனது. ஆனால் போய்விட்டது போலிருக்கிறது. EVENT ஃபோல்டரில் பழைய ஸ்பீட் பிரேக்கர் வீடியோக்கள்தான். FRONT ஃபோல்டரில் சனிக்கிழமையின் முதல் வீடியோவே 7:21-க்குத்தான் ஆரம்பிக்கிறது. REAR-இல் 7:25. சம்பவம் 7:10. பதினோரு நிமிடத்தில் கோட்டை விட்டேன்.

சுரேஷ், 11:56

அழிந்தாலும் மீட்கலாம். என் தங்கை கல்யாண போட்டோ மொத்தமும் டெலீட் ஆகி, ரிகவரி சாஃப்ட்வேர் போட்டு ஒன்று விடாமல் எடுத்தேன்.

வேலுச்சாமி, திங்கள் 12:04

சுரேஷ் தம்பி, உங்கள் போட்டோக்களை டெலீட் செய்த பிறகு அந்தக் கார்டில் யாரும் புதிதாக எழுதவில்லை, அதனால் வந்தது. டேஷ்கேம் வேறு. புதிய வீடியோவுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அது பழையதை அழிக்கிறது. அழித்த இடத்திலேயே அடுத்த சில நிமிடங்களில் எழுதிவிடும். மேலெழுதியதை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. கடைசியாக அழிந்த ஒன்றிரண்டு வீடியோக்களின் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கலாம்.

கார்த்தி, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கேமராவின் கடிகாரத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? விஜயமங்கலம் டோலைத் தாண்டித்தானே வந்தீர்கள்? பணம் பிடித்ததற்கு ஃபாஸ்டேக் மெசேஜ் வந்திருக்கும், அதில் நேரம் இருக்கும். டோலில் தடுப்பு உயரும் வீடியோவை எடுத்து, அதில் என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள்.

கார்த்தி, 12:19

அண்ணா!! மெசேஜில் 7:34. வீடியோவில் தடுப்பு உயரும்போது 7:47. கேமரா 13 நிமிடம் வேகமாக ஓடுகிறது.

அப்படியென்றால் 7:10 சம்பவம் கேமராவுக்கு 7:23. தேடினால் இருக்கிறது, `20250405_192259F.MP4`. ஃபோல்டரில் மூன்றாவது வீடியோ. 31-வது விநாடியில் படம் லேசாக ஆடுகிறது, தகரத்தைக் கீறுகிற மாதிரி ஒரு சத்தம், பையன் "அப்பா!" என்று கத்துகிறான். நாலு விநாடி கழித்து இடது பக்கத்திலிருந்து லாரி முன்னால் வந்து நிற்கிறது. பின்பக்க நம்பர் பிளேட் முழுதாகத் தெரிகிறது.

15 நிமிடம் மீதி என்றீர்கள், இரண்டு நிமிடம்தான் இருந்திருக்கிறது. காலையில் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் போயிருக்கும்.

ஆனால் பின் கேமராவின் 7:23 இல்லை. லாரி எப்படி வந்தது என்பது அதில்தானே இருக்கும்? டிரைவர் நான் ரிவர்ஸ் எடுத்தேன் என்கிறாரே.

வேலுச்சாமி, 12:31

உங்கள் கேமரா பின் வீடியோவுக்குத் தனி அளவு வைத்து அழிக்கிறது போல, அதனால்தான் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் தொடங்குகின்றன. பின் வீடியோவில் 7:23, 7:24 இரண்டும் சமீபத்தில் அழிந்தவை, முயன்று பார்க்கலாம். ஆனால் கார்டின் மீதே மீட்பு வேலை செய்ய வேண்டாம். முதலில் கார்டை முழு இமேஜாக எடுத்து `card.img` என்று வையுங்கள். கோப்புகளைக் காப்பி செய்தால் அழிந்தவை வராது, இமேஜில் காலி இடமும் சேர்ந்து வரும். பிறகு அந்த இமேஜ் மீது ஃபோட்டோரெக் ஓட்டுங்கள், இலவசம்தான்:

```
photorec_win.exe card.img
```

காலி இடத்தை மட்டும் தேடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இருக்கிற வீடியோ எல்லாம் மறுபடி வந்து குவியும். வீடியோவின் பெயர் திரும்ப வராது, திறந்து பார்த்துத்தான் நேரம் தெரியும். முன் பின் இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதும் கேமராவில் துண்டுகள் கலந்து கிடக்கலாம், அப்படியிருந்தால் வீடியோ வந்தும் திறக்காது. பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. முன் வீடியோவையே மறுபடி பாருங்கள். டீக்கடைப் பலகை, முன்னால் நிற்கும் பைக், ஏதாவது ஒன்றைத் திரையின் விளிம்போடு வைத்துப் பாருங்கள். நீங்கள் ரிவர்ஸ் எடுத்திருந்தால் அவை சிறிதாகிக்கொண்டே போகும்.

அட்வகேட் நளினி, காலை 7:20

ஒரு வார்த்தை. அந்தக் கார்டை இனிமேல் கேமராவில் போடாதீர்கள், அப்படியே ஒரு கவரில் வையுங்கள். கேமராக் கடிகாரம் 13 நிமிடம் வேகம் என்பதையும் ஃபாஸ்டேக் மெசேஜையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். நேரம் ஏன் பொருந்தவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும் முன் நாமே சொல்வது நல்லது. வழக்கு என்று போனால் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பு கேட்கிறார்கள். இப்போதே எடுத்து வையுங்கள்:

```
certutil -hashfile 20250405_192259F.MP4 SHA256
```

இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, நம்பர் பிளேட்டே மங்கிவிடும்.

கார்த்தி, இரவு 9:05

மனைவி ஸ்கூட்டரில் போனாள். புதிதாக 64 ஜிபி கார்டு போட்டு, கடிகாரத்தையும் சரிசெய்துவிட்டேன்.

ஃபோட்டோரெக் மூன்று பின் வீடியோ கொடுத்தது. இரண்டு திறக்கவில்லை. திறந்தது 7:24 உடையது, அதில் லாரி முன்னால் போய்விட்ட பிறகு எழுந்த புழுதிதான் இருக்கிறது. 7:23 அந்தத் திறக்காத இரண்டில் ஒன்றா, இல்லை மேலெழுதியே போய்விட்டதா தெரியவில்லை.

ஆனால் அண்ணா சொன்னபடி முன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டீக்கடையின் தேங்காய் பன் பலகை திரையின் வலது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உரசல் சத்தம் வரும் வரை ஒரு நூல்கூட நகரவில்லை. சத்தத்தோடு ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது.

வேலுச்சாமி, 9:20

அந்தத் திறக்காத இரண்டையும் தூக்கி எறியாதீர்கள். அதே கேமராவில் எடுத்த நல்ல பின் வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், untrunc என்று ஒரு கருவி சில நேரம் சரிசெய்யும். நாளை உட்கார்ந்து பாருங்கள்.

சுரேஷ், 9:34

என் கேமரா கடிகாரத்தை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். 2019 ஜனவரி என்கிறது.