டெஸ்டோஸ்டிரோன் 168, எல்ஹெச் ‘நார்மல்’: உங்கள் ரிப்போர்ட் என்ன சொன்னது?

மாறன்
வயது 36. ஓராண்டாகவே சோர்வு, ஆசை என்பதே இல்லாமல் போனது, தினமும் சவரம் செய்தவன் வாரம் இரண்டு முறை செய்தாலே போதும் என்கிற நிலை. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தபோது 168. இன்னொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்தார்கள், 181. முதலில் பார்த்த மருத்துவர் உடனே டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் போனேன்.

அவர் சொன்னது: “ஊசி போட்டுவிட்டால், விரையை வேலை வாங்க மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களும் அடங்கிவிடும். அப்புறம் கோளாறு விரையிலா, மேலே மூளையிலா என்று கண்டுபிடிப்பது சிரமம். விந்தணுவும் குறையும். முதலில் இந்த இரண்டையும், கூடினால் இவற்றை அடக்கிவிடும் புரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனையும் பார்ப்போம்.”

எல்ஹெச் 2.1 வந்தது. ஆய்வகத்தின் வரம்பு 1.7 முதல் 8.6, அதனால் தாளில் அந்த எண்ணுக்கு எதிரே எந்தக் குறியும் இல்லை. எஃப்எஸ்ஹெச் 2.4, அதுவும் அப்படித்தான். மருத்துவர் பேனாவை எடுத்து அந்த 2.1-ஐத்தான் வட்டமிட்டார். டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு இறங்கிவிட்டால் பிட்யூட்டரி சும்மா இருக்காதாம், விரையை வேலை வாங்க எல்ஹெச்சை ஏற்றிக்கொண்டே போகுமாம். அது ஏறாமல் 2.1-இலேயே நிற்கிறது என்றால் உத்தரவு போடும் இடத்தில்தான் கோளாறு என்றார்.

புரோலாக்டின் 312. ஆணுக்கு வரம்பு 15 வரைதான். எம்ஆர்ஐயில் பிட்யூட்டரியில் 13 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. பார்வை நரம்பைத் தொடுகிறதா என்று கண் பரிசோதனையும் செய்தார்கள், தொடவில்லை. அறுவை சிகிச்சை இல்லை. புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையை 0.25 மில்லிகிராம் வாரம் இரண்டு முறை என்று தொடங்கினார்கள். சில மாதங்களில் புரோலாக்டின் 20-க்குக் கீழே இறங்கியது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி இல்லாமலே 390-க்கு ஏறியது.

இந்த மூன்று பரிசோதனைகளையும் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

செல்வம்
நல்லபடியாக முடிந்தது, மகிழ்ச்சி சகோ. ஆனால் எல்ஹெச் வரம்புக்குள் இருந்தால் மூளை சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம் புரோலாக்டினைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊசி குத்தும் பயத்திலேயே அது ஏறும். எனக்கு 28 வந்தது, அமைதியாக உட்கார வைத்து மறுபடி எடுத்ததில் 11.

ஆய்வகத் தோழி
ஹார்மோன் பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். செல்வம் அண்ணா, பதற்றத்தில் ஏறும் என்பது உண்மைதான், உங்கள் 28-ஐத் திரும்பப் பார்த்ததும் சரி. ஆனால் பதற்றம் 28, 35 என்று கொண்டுபோகும், 312-க்குக் கொண்டுபோகாது.

எல்ஹெச் விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. அந்த வரம்பு டெஸ்டோஸ்டிரோன் சரியாக உள்ள ஆண்களைப் பார்த்து வைத்தது. ஒரே காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் எல்ஹெச் எண்ணுக்குப் பொருளே இல்லை. எங்கள் இயந்திரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் குறியிடும். அதனால்தான் இது தப்பிப் போகிறது.

இன்னும் இரண்டு சொல்கிறேன். புரோலாக்டின் கூடுதலாக வந்தால் முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் எல்லாமே ஏற்றும், சில சமயம் நன்றாகவே ஏற்றும். தைராய்டு குறைந்திருந்தாலும் ஏறும். மற்றொன்று, முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. பல இயந்திரங்களில் அது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டினைக் குறைத்தும் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்பது அளவைப் பொறுத்தது, ஆய்வகத்திடம் கேளுங்கள்.

மாறன்
நன்றி தோழி. ஒரு சந்தேகம். எம்ஆர்ஐக்குப் பிறகு அதே ரத்தத்தை நீர்த்து மறுபடி பாருங்கள் என்று என் மருத்துவர் ஆய்வகத்துக்கு எழுதினார். ஏன்?

ஆய்வகத் தோழி
கட்டி மிகப் பெரிதாக இருந்து புரோலாக்டின் ஆயிரக்கணக்கில் இருந்தால், பரிசோதனையில் பயன்படும் ஆன்டிபாடி அத்தனையும் நிரம்பிவிடும், முடிவு பொய்யாகக் குறைந்து வரும். நூறு மடங்கு நீர்த்துப் பார்த்தால் உண்மை எண் வெளியே வரும். பெரிய கட்டி, ஆனால் புரோலாக்டின் கொஞ்சம்தான் கூடுதல் என்று வந்தால் நீர்த்துப் பார்க்காமல் விடக் கூடாது. உங்கள் கட்டிக்கு 312 பொருந்துகிறது, இருந்தாலும் கேட்டது நல்ல மருத்துவரின் வழக்கம்.

பழனிவேல்
என் கதை நேர் எதிர். இருபது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, அதோடு இரண்டு விரையும் வீங்கியது. வலி போனதும் மறந்துவிட்டேன். திருமணமாகிக் குழந்தை இல்லை என்று போனபோதுதான் டெஸ்டோஸ்டிரோன் 190, எல்ஹெச் 22, எஃப்எஸ்ஹெச் 38 என்று வந்தது. புரோலாக்டின் சாதாரணம். மேலே உத்தரவு ஓயாமல் வருகிறது, கீழே விரையால் முடியவில்லை என்றார்கள். எம்ஆர்ஐ தேவையில்லை என்றார்கள். பிறவியிலேயே கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு பரிசோதனை செய்தார்கள், இல்லை. எஃப்எஸ்ஹெச் இவ்வளவு ஏறியதால் விந்தணு உண்டாகும் பகுதிக்குத்தான் அடி அதிகம் என்று விளக்கினார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் தொடங்கும் முன் விந்தணு கிடைக்குமா என்று விரையிலிருந்தே எடுத்துப் பார்த்தோம். கிடைத்தது கொஞ்சம்தான், உறைய வைத்திருக்கிறோம். மாறன் தம்பி, உனக்கு உத்தரவு வராததுதான் குறை, அதைச் சரி செய்தால் விரை வேலை செய்கிறது. எனக்கு அந்த வழி இல்லை.

கலைவாணி
எனக்கும் புரோலாக்டின் 74. மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை. எல்ஹெச் 2.3. அப்படியானால் எனக்கும் மூளையில் கட்டியா?

ஆய்வகத் தோழி
கலைவாணி அக்கா, இங்கே பேசும் கணக்கு ஆண்களுக்கானது. பெண்களுக்கு எல்ஹெச் மாதச் சுழற்சியில் ஏறி இறங்கும், எந்த நாளில் எடுத்தது என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. கருவுற்றிருந்தாலும் புரோலாக்டின் ஏறும். முதலில் கருத்தரிப்புப் பரிசோதனை, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் என்று இந்த மூன்றையும் மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். கட்டி என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டாம்.

ராஜா
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எடை 112 கிலோ, குறட்டை அதிகம். டெஸ்டோஸ்டிரோன் 245, எல்ஹெச் 3, புரோலாக்டின் 9. ஒரு மருத்துவர் எம்ஆர்ஐ எடு என்கிறார். இன்னொருவர் எடையைக் குறை, தூக்கப் பரிசோதனை செய் என்கிறார். மாறன் சொன்னபடி பார்த்தால் எனக்கும் மேலேதானே கோளாறு?

மாறன்
எண்கள் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன, ஆனால் மேலே என்றாலே கட்டி என்று இல்லை. எல்ஹெச் ஏறாமல் டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே இருந்தால் புரோலாக்டின் எப்படி இருந்தாலும் எம்ஆர்ஐ என்பது அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் என்று என் மருத்துவர் சொன்னார். நீங்கள் அதற்கு மேலே இருக்கிறீர்கள்.

ஆய்வகத் தோழி
உடல் பருமனில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதம் குறையும், அதனால் மொத்த அளவு உண்மையைவிட மோசமாகத் தெரியலாம். அந்தப் புரதத்தையும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் பார்த்தீர்களா? வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? டிராமடால் மாதிரி?

ராஜா
கட்டற்றது பார்க்கவில்லை. முதுகுவலிக்கு டிராமடால் பெரும்பாலான இரவுகளில் போடுகிறேன். இரண்டு மருத்துவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆய்வகத் தோழி
அந்த வகை மருந்து மூளையிலிருந்து வரும் சமிக்ஞையையே அடக்கும். உங்கள் எண்களில் எவ்வளவு பங்கு எடையால், எவ்வளவு மாத்திரையால் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

செல்வம்
ராஜா, கட்டற்றது பார்த்ததும் எண்ணை இங்கே போடுங்கள். என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறேன், அன்றைக்கு டெஸ்டோஸ்டிரோன் 310 இருந்தது, எல்ஹெச் 4. தோழி, இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஆய்வகத் தோழி
காலையில் எடுத்ததா அண்ணா? மாலையில் எடுத்தது என்றால் எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம், காலையில் மறுபடி எடுங்கள்.