குரல் தொடங்கும் நேரத்தை அளந்த அனுபவங்கள்: கொரிய மொழியின் மூன்று வெடிப்பொலிகள்

கயல்விழி:

கொரிய மொழியில் நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்கள் நம் காதுக்கு ஏறக்குறைய ‘தல்’ என்றே கேட்கும். உயிரும் ஈற்று லகரமும் மூன்றிலும் ஒன்றே. வேறுபாடு முதல் மெய்யில் மட்டும் இருக்கிறது. நிலவுக்கு உரியது மென்மையானது, மகளுக்கு உரியது தொண்டையை இறுக்கிச் சொல்வது, முகமூடிக்கு உரியது மூச்சுடன் வெளிவருவது. மூன்றுமே சொல்லின் முதலில் ஒலிப்பில்லாதவை என்பதால், ஒலிப்பின் உதவியைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது.

லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964-இல் 11 மொழிகளை அளந்து வெளியிட்ட கட்டுரையில் தமிழும் இருக்கிறது, கொரியமும் இருக்கிறது. அடைப்பு வெடித்த கணத்திலிருந்து குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் வரையுள்ள நேரத்தை அவர்கள் அளந்தார்கள், நாம் வி.ஓ.டி. என்று சொல்வது அதைத்தான். அவர்கள் அட்டவணையில் கொரியத்தின் இந்த நுனிநா வரிசைக்கான சராசரிகள், இறுக்கமானதற்கு 11 மில்லி நொடி, மென்மையானதற்கு 25, மூச்சொலிக்கு 94. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நிற்கின்றன.

சியோலில் பிறந்து வளர்ந்த, இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் குரலை நான் பதிவு செய்தபோது அந்த ஒழுங்கு காணப்படவில்லை. மகளுக்கான சொல் எதிர்பார்த்தபடியே குறுகிய நேரத்துடன் தனியாக நின்றது. ஆனால் நிலவுக்கான ஒரு பதிவில் வெடிப்பு 0.412 நொடியிலும், அதிர்வின் முதல் ஒழுங்கான அலை 0.483 நொடியிலும் இருந்தன. அதாவது 71 மில்லி நொடி. அதே பட்டியலில் அடுத்து வந்த முகமூடிக்கு 76 கிடைத்தது. மற்றப் பதிவுகளிலும் இவ்விரண்டின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடந்தன. இருந்தும் அருகிலிருந்த கொரியத் தோழி ஒன்றைக்கூடத் தடுமாறாமல் பிரித்துச் சொன்னார்.

குறியிட்ட முறையில் கோளாறு இருக்குமோ என்று முதலில் பார்த்தேன். அலைவடிவத்தில் வெடிப்பின் முதல் கூர்முனையையும், அதிர்வு தொடங்கியபின் அலை மேல்நோக்கிச் சுழியைக் கடக்கும் முதல் இடத்தையும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே விதமாகவே எடுத்திருந்தேன். இப்படி எண் தோற்று, காது வென்ற அனுபவம் உங்களுக்கு எந்த மொழியில் கிடைத்தது என்று அறிய விரும்புகிறேன்.

செந்தில்:

நான் பாங்காக்கில் தாய்லாந்தின் தாய் மொழிப் பேச்சை அளந்தவன். அங்கு எனக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை. அந்த மொழியின் ப வரிசையில் மூன்று ஒலிகள் இருக்கின்றன. ஒன்றில் வெடிப்புக்கு முன்பே குரல்நாண்கள் அதிரத் தொடங்கிவிடுவதால் எண் சுழிக்குக் கீழே போகிறது. இன்னொன்று சுழிக்குச் சற்று மேலே நிற்கிறது. மூச்சொலியுள்ளது வெகு தூரம் தள்ளி நிற்கிறது. பழைய அட்டவணையின் -97, 6, 64 என்ற எண்களுக்கு அருகிலேயே என் அளவுகளும் அமைந்தன.

ஆகவே மூச்சொலி என்பது நீண்ட வி.ஓ.டி.யே அன்றி வேறில்லை என்பது என் கருத்து. கொரியத்திலும் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று மூன்று பெட்டிகள் இருந்தாக வேண்டும். உங்கள் பேச்சாளர் விரைவாகப் பேசியிருப்பார். பேச்சு விரைவானால் நீண்ட நேரங்கள்தான் முதலில் சுருங்கும், குறுகியவை அதிகம் மாறாது. அதனால் முகமூடியின் எண் கீழே இறங்கி நிலவின் எண்ணோடு சேர்ந்திருக்கும். மெதுவாகச் சொல்லச் செய்து மீண்டும் அளந்து பாருங்கள்.

வத்சலா:

என் மகன் பெயர் பரணி. அமெரிக்காவில் எந்தக் கடையில் பெயரைச் சொன்னாலும் ‘பந்து’ என்பதன் ஆங்கிலச் சொல்லில் வரும் முதல் எழுத்தைப் போட்டே எழுதிக் கொடுக்கிறார்கள். நான் தெளிவாகத்தான் சொல்கிறேன். உரக்கச் சொன்னாலும் அதே கதைதான். நீங்கள் பேசுவது இதைப் பற்றித்தானா என்று தெரியவில்லை, ஆனாலும் அளப்பவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தவறு என் நாக்கிலா, அவர்கள் காதிலா?

இராசேந்திரன்:

வத்சலா அம்மா, இரண்டிலும் இல்லை. அதே 1964 அட்டவணையில் தமிழின் பகரம் ஏறத்தாழ 12 மில்லி நொடி. அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்கு இணையாகக் கருதப்படும் ஒலி 58. ஆங்கிலம் பேசுவோர் சொல்லின் முதலில் ‘பந்து’ வகை ஒலியைப் பெரும்பாலும் அதிர்வே இல்லாமல், சுழிக்கு அருகில்தான் சொல்கிறார்கள். உங்கள் பகரம் நேராக அவர்களுடைய அந்த இடத்தில் போய் விழுகிறது. உரக்கச் சொல்வதால் இடைவெளி நீளாது. உதட்டைத் திறந்தபின் மூச்சைச் சற்று விட்டு, அதற்குப் பிறகு உயிரைத் தொடங்கினால் சரியாக எழுதுவார்கள்.

இனிக் கயல்விழியின் எண்களுக்கு வருகிறேன். செந்தில் தாய் மொழி பற்றிச் சொன்னதும், விரைவில் நீண்ட நேரங்கள் சுருங்கும் என்று சொன்னதும் சரி. ஆனால் அந்த விளக்கம் இங்கே பொருந்தாது. விரைவுதான் காரணம் என்றால் முகமூடியின் எண் நிலவை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். இங்கோ நிலவு 25-இலிருந்து 71-க்கு ஏறியிருக்கிறது. பேச்சு விரைவானதால் ஒரு வெடிப்பொலியின் நேரம் மூன்று மடங்கு நீண்டதை நான் எங்கும் கண்டதில்லை.

மாறியிருப்பது மொழி. டேவிட் சில்வா 2006-இல் வெளியிட்ட ஆய்வில் பேச்சாளர்களைப் பிறந்த ஆண்டின்படி அடுக்கிப் பார்த்தார். ஏறத்தாழ 1965-க்கு முன் பிறந்தவர்களிடம் மென்மையான ஒலியும் மூச்சொலியும் வி.ஓ.டி.யில் விலகி நின்றன. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் அந்த இடைவெளி குறைந்து, பலரிடம் இல்லாமலே போயிருந்தது. இந்த மாற்றத்தில் இளம்பெண்கள் முன்னே செல்கிறார்கள் என்பது பின்னர் வந்த ஆய்வுகளிலும் தெரிந்தது. நீங்கள் பதிவு செய்தவர் சரியாக அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

உங்கள் தோழியின் காது பிடித்தது உயிரின் சுருதியை. அதே இரண்டு பதிவுகளில் உயிரின் நடுப்பகுதியில் அடிப்படை அதிர்வெண் எவ்வளவு என்று பாருங்கள். வெடித்த உடனே வரும் முதல் சில அலைகளை விட்டுவிடுங்கள்; அங்கு மென்பொருள் அடிக்கடி பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டிவிடும். நிலவு தாழ்ந்தும் முகமூடி உயர்ந்தும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் ஒலிப்பில்லா மெய்க்குப் பின் சுருதி சற்று உயரும், ஆனால் அது உயிரின் தொடக்கத்திலேயே தணிந்துவிடும். சியோல் பேச்சில் அது உயிர் முழுவதும் நீடிக்கிறது. சன்-ஆ ஜுன் விவரித்தபடி, மூச்சொலியிலோ இறுக்கமான ஒலியிலோ தொடங்கும் தொடர் உயர்ந்த சுருதியுடனும், மென்மையான ஒலியில் தொடங்குவது தாழ்ந்த சுருதியுடனும் ஆரம்பிக்கின்றன.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நிலவுக்கான பதிவை எடுத்து, வெடிப்பையும் மூச்சையும் தொடாமல், உயிரின் சுருதியை மட்டும் பிராட் மென்பொருளில் முகமூடியின் அளவுக்கு உயர்த்தி, இளம் சியோல்வாசிகளிடம் போட்டுக் காட்டுங்கள். நான் செய்து பார்த்தபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் முகமூடி என்றே சொன்னார்கள்.

அஷ்வினி:

நான் புணேயில் மராத்தியையும் இந்தியையும் அளப்பவள். எங்களுக்கு எண் தோற்பது வேறோர் இடத்தில். இந்தியில் நான்கு வரிசைகள் இருக்கின்றன. முதல் இரண்டை வி.ஓ.டி. எளிதாகப் பிரிக்கிறது, மூன்றாவதும் நான்காவதும், அதாவது ‘பால்’ என்ற முடிச் சொல்லும் ‘பாலூ’ என்ற கரடிச் சொல்லும் தொடங்கும் ஒலிகள், இரண்டுமே வெடிப்புக்கு முன்பே அதிர்கின்றன. பழைய அட்டவணையில் அவற்றுக்கு -85, -61 என்ற சராசரிகள் இருப்பது பிரிவைப் போலத் தோன்றலாம். தனித்தனிப் பதிவுகளைப் பார்த்தால் இரண்டும் கலந்து கிடக்கும். உண்மையான வேறுபாடு வெடிப்புக்குப் பிறகு வருகிறது: நாண்கள் அதிர்ந்துகொண்டே தளர்ந்து திறந்திருப்பதால் மூச்சும் குரலும் ஒன்றாக ஓடுகின்றன. ‘எப்போது அதிரத் தொடங்கியது’ என்று மட்டும் கேட்கும் அளவு அதைக் காணாது. எனவே செந்தில் அவர்களே, மூச்சொலி என்றால் நீண்ட வி.ஓ.டி. என்பது இங்கேயும் நிற்கவில்லை.

வெடிப்பிலிருந்து அந்த மூச்சுக்குரல் தணியும் வரையுள்ள நேரத்தைத் தனியாக அளக்கிறோம். தணியும் இடத்தைக் குறிப்பதில் எங்கள் ஆய்வகத்தில் இருவர் எப்போதும் ஒத்துப்போனதில்லை. இரண்டாம் அதிர்வுப்பட்டை தெளிவாகும் இடம் என்று ஒருவரும், அலைவடிவம் வழக்கமான உருவத்துக்குத் திரும்பும் இடம் என்று இன்னொருவரும் வைத்துக்கொள்கிறார்கள்.

முன்னதிர்வை அளப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மின்னிணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் ஏறிவிட்டால் அது அழகான முன்னதிர்வு போலவே தெரியும். எங்களிடம் வந்த ஒரு பதிவுத் தொகுப்பில் ஒலிப்பில்லாத ககரத்துக்குக்கூட எதிர் எண்கள் எழுதப்பட்டிருந்தன. சொற்களுக்கு இடையிலுள்ள அமைதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். பேசுபவரின் சுருதி ஏறி இறங்கினாலும் அது அசையாது.

செந்தில்:

இந்தியின் நான்காம் வரிசையை ஒப்புக்கொள்கிறேன். கொரியத்தில் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சுருதிதான் சொல்லைப் பிரிக்கிறது என்றால், அதைத் தாய் போலத் தொனி மொழி என்று சொல்லிவிடலாமே?

கயல்விழி:

ஐயா சொன்னபடி பார்த்தேன். அந்த இரண்டு பதிவுகளில் உயிரின் நடுவே நிலவுக்கு 198 ஹெர்ட்ஸ், முகமூடிக்கு 262. மகளுக்கான சொல்லும் முகமூடியோடு மேலேயே நிற்கிறது. ஆக, நேரம் மகளைத் தனியே பிரிக்கிறது, சுருதி நிலவைத் தனியே பிரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மூன்று சொற்களும் கிடைக்கின்றன.

செந்தில் கேட்டதற்கு என் பதிவுகளிலேயே ஒரு தடை இருக்கிறது. சொற்களைத் தனியாக மட்டுமன்றி ஒரு தொடருக்கு நடுவிலும் சொல்லச் செய்திருந்தேன். முன்சொல் உயிரில் முடிந்து இடையில் நிறுத்தம் இல்லாதபோது, நிலவின் முதல் மெய் நம் ‘பந்து’ என்பதன் தகரம் போல அடைப்பு முழுவதும் அதிர்ந்தது. முகமூடியின் மெய் அங்கும் அதிராமல் மூச்சோடு வந்தது. அந்த இடத்தில் சுருதியைப் பார்க்காமலே இரண்டையும் பிரித்துவிடலாம். தொடர் முதலில் சுருதியாலும் தொடர் நடுவில் ஒலிப்பாலும் பிரியும் ஒன்றைத் தொனி என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இராசேந்திரன்:

தயங்குவது நியாயம். அழைக்கலாம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: தொடர் நடுவிலுள்ள எண்களையும் தொடர் முதலிலுள்ள எண்களையும் ஒரே சராசரிக்குள் போட வேண்டாம். -60-ஐயும் 71-ஐயும் கூட்டி வகுத்தால் அந்தப் பெண் ஒருபோதும் சொல்லாத ஓர் ஒலியின் எண்தான் கிடைக்கும். லிஸ்கரும் ஆப்ராம்சனும் ஆங்கிலத்தின் ஒலிப்புடைய ஒலிகளுக்கு இதனால்தான் முன்னதிர்வுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனிச் சராசரிகளாகக் கொடுத்தார்கள். அறுபது வயதைக் கடந்த சியோல்காரர் எவரேனும் கிடைத்தால் அதே பட்டியலைப் படிக்கச் செய்து, நிலவின் எண் எங்கே விழுகிறது என்று இங்கே எழுதுங்கள்.